ஒரு காட்சி, ஒரு செயல்

புதிய செயலி ஒன்றைப் போனில் இறக்கித் திறந்ததும் வரவேற்று வழிகாட்டும் வாசகம் ஒன்று வரும். பணம் அனுப்பும் யுபிஐ செயலி என்றால் அது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

“எங்கள் செயலிக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம். நொடிப்பொழுதில், பாதுகாப்பாக யாருக்கும் பணம் அனுப்பலாம். தொடங்குவதற்கு உங்கள் மொழியைத் தேர்ந்தெடுத்து, தேவையான அனுமதிகளை வழங்கி, வங்கிக் கணக்குடன் இணைக்கப்பட்ட எண்ணுக்குரிய சிம்மைத் தேர்வுசெய்து, சரிபார்ப்பை நிறைவுசெய்யவும். இதற்காக உங்கள் எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பப்படும். சிம்மில் குறுஞ்செய்திக்கான இருப்பு இருக்க வேண்டும். பின்னர் வங்கியைத் தேர்ந்தெடுத்து, டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கங்களையும் காலாவதி மாதம், ஆண்டையும் உள்ளிட்டு, பெறப்படும் ஓடிபியைப் பதிவிட்டு, உங்கள் யுபிஐ பின்னை அமைத்துக்கொள்ளவும். ஓடிபி வராவிட்டால் ‘மீண்டும் அனுப்பு’ என்பதை அழுத்தவும்.”

வாசகம் இந்தக் கட்டுரைக்காக நான் எழுதியது. படிகள் உண்மையானவை. 2016இல் யுபிஐ வந்ததிலிருந்து, முதல்முறை கணக்கை இணைக்கும் எவரும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் போகிறார்கள். வாசகத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் இதைப் படித்துவிட்டு, யாரையும் கேட்காமல் தானாகவே கணக்கை இணைத்து முடிக்க எல்லோராலும் முடிவதில்லை. பாதியில் நின்றுபோய்ப் பேரனையோ பக்கத்து வீட்டுப் பெண்ணையோ அழைப்பவர்கள் உண்டு.

அதனால் நிறுவனங்கள் இந்த வாசகத்தை ஒன்றரை நிமிட வீடியோவாக ஆக்கச் சொல்கின்றன. அப்போது பலரும் செய்வது, வாசகத்தை அப்படியே ஒருவரைப் படிக்கவைத்துப் பின்னணியில் திரையை ஓடவிடுவது. அது வாசகத்தைவிடக் கடினமாகிவிடும். தாளில் இருக்கும் வரியைத் திரும்பப் படிக்கலாம், விரலை வைத்து நிறுத்தலாம். காதில் விழுந்த வரி போய்விடும். வாசகம் வீடியோவாக வேண்டுமானால் முதலில் அதைப் பிரித்துப் போட வேண்டும். ஒரு காட்சிக்கு ஒரே ஒரு செயல் என்பதுதான் அந்தப் பிரிப்புக்கு அளவுகோல்.

எது ஒரு செயல்?

பார்ப்பவரின் விரல் செய்யும் ஒரு வேலையும், அதற்குத் திரை காட்டும் ஒரு பதிலும் சேர்ந்தது ஒரு செயல். வங்கியின் பெயரைத் தொடுகிறார், அடுத்த திரை வருகிறது. இது ஒரு செயல். ஒரு கட்டத்தில் ஆறு எண்களை அடிக்கிறார், கட்டம் நிறைகிறது. விரல் ஆறு முறை பட்டாலும் இதுவும் ஒரு செயல்தான். ஆனால் ஆறு எண்களை அடித்துவிட்டுப் பக்கத்துக் கட்டத்தில் மாதத்தையும் ஆண்டையும் அடிப்பது இரண்டு செயல்கள். முதல் எண்ணைக் கார்டின் ஓரிடத்தில் தேட வேண்டும், இரண்டாவதை வேறோரிடத்தில் தேட வேண்டும். கண் புதிதாக ஓரிடத்தைத் தேடத் தொடங்கினால் அங்கே புதிய காட்சி தொடங்குகிறது.

இப்படித் துண்டாக்குவதன் பயனை ஆய்வும் காட்டியிருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயரும் பால் சாண்ட்லரும் 2001இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மின்னல் எப்படி உண்டாகிறது என்று விளக்கும் குறும்படம் ஒன்றை ஒரு குழு தொடர்ச்சியாகப் பார்த்தது. அதே படத்தை 16 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்தது ஓடும்படி இன்னொரு குழுவுக்குக் கொடுத்தார்கள். படமும் குரலும் இரண்டு குழுவுக்கும் ஒன்றுதான். புரிந்ததைப் புதிய கேள்விகளுக்குப் பயன்படுத்துவதில் துண்டுகளாகப் பார்த்தவர்கள் முந்தினார்கள். ஒன்றை மனத்தில் அடுக்கி முடிப்பதற்குள் அடுத்தது வந்து மோதாததே காரணம்.

செயலி வீடியோவில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீடியோ ஓடுவதும் செயலி இருப்பதும் ஒரே போன். சமையல் வீடியோவைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு சமைக்கலாம். இங்கே ஒரு காட்சியைப் பார்த்து, வீடியோவை நிறுத்தி, செயலிக்குள் போய்ச் செய்துவிட்டு, மறுபடி வீடியோவுக்குத் திரும்ப வேண்டும். ஒரு நடைக்கு எவ்வளவு நினைவில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவுதான் ஒரு காட்சியில் இருக்கலாம். பழகாத கைக்கு அது ஒரு செயல்.

வினைமுடிவைப் பார்த்துப் பிரிப்பது

வாசகத்தைப் பிரிக்கத் தமிழில் நல்ல வசதி ஒன்று இருக்கிறது. வாக்கியத்தின் வினை எப்படி முடிகிறது என்று பார்த்தாலே அது ஸ்கிரிப்ட்டில் எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு வினைகளை மட்டும் அடிக்கோடிட்டால் போதும்.

“தேர்ந்தெடுத்து”, “வழங்கி”, “உள்ளிட்டு”, “பதிவிட்டு” என்பவை வினையெச்சங்கள். இவை ஒவ்வொன்றும் தனிக் காட்சிக்கு உரியவை. தமிழ் வாக்கியம் எச்சங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே ஒரு முற்றுவினையில் நிற்கும். படிக்கும்போது ஒரே கட்டளைபோலத் தோன்றும். செய்யப்போனால்தான் எத்தனை வேலை என்பது தெரியும். நம் வாசகத்தில் இப்படி இரண்டு நீண்ட வாக்கியங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு வினைகள்.

“அனுப்பப்படும்” என்பது செயப்பாட்டு வினை. இதைச் செய்வது போன், பார்ப்பவர் இல்லை. எனவே இது திரையின் பதிலாகக் காட்டப்பட வேண்டியது. “இருக்க வேண்டும்” என்று முடிவது முன்தேவை. எந்தக் காட்சியும் தொடங்கும் முன்னரே அதைச் சொல்லிவிட வேண்டும். “வராவிட்டால்” என்பது கிளைவழி; அது இந்த வீடியோவுக்கு உரியதே இல்லை. “அனுப்பலாம்” என்பது வாக்குறுதி. செயலியை இறக்கித் திறந்தே விட்டவருக்கு அதை மறுபடி சொல்ல வேண்டியதில்லை. வரவேற்போடு சேர்த்து அடித்துவிடலாம்.

கண்ணை மூடிக்கொண்டு எச்சங்களை எண்ணினால் இரண்டு இடங்களில் தவறிவிடும். “அழுத்திப் பிடியுங்கள்” என்பதில் எச்சம் இருந்தாலும் விரல் செய்வது ஒரே வேலை. “எடுத்துக்கொள்ளுங்கள்” என்பதில் கொள் என்பது துணைவினை. இன்னொரு பக்கம், “சரிபார்ப்பை நிறைவுசெய்யவும்” என்று கட்டளையாக எழுதப்பட்டிருந்தாலும் பார்ப்பவர் செய்ய அங்கே எதுவும் இல்லை, காத்திருப்பதுதான் வேலை. “பின்னை அமைத்துக்கொள்ளவும்” என்ற ஒரே வினைக்குள் பின்னை ஒருமுறை அடிப்பது, உறுதிசெய்ய மறுமுறை அடிப்பது என இரண்டு காட்சிகள் ஒளிந்திருக்கின்றன. அதனால் அடிக்கோடிட்ட பிறகு ஒரு போனில் செயலியைத் திறந்து, ஒவ்வொரு வினைக்கும் விரல் உண்மையில் எங்கே படுகிறது என்று ஒருமுறை செய்து பார்த்துத்தான் பட்டியலை முடிக்க வேண்டும்.

நம் வாசகம் வீடியோவாகும்போது

மேலே உள்ள வாசகத்தை இந்த முறையில் பிரித்தால் ஒரு தொடக்கப் படமும் பத்துக் காட்சிகளும் வருகின்றன.

தொடக்கம் (8 நொடி). திரையில்: ஒரு சிம், ஒரு டெபிட் கார்டு. குரல்: “வங்கியில் கொடுத்த எண்ணின் சிம் இந்த போனில் இருக்கட்டும். டெபிட் கார்டு கையில் இருக்கட்டும்.”

காட்சி 1 (6 நொடி). திரையில்: மொழிப் பட்டியல், விரல் ‘தமிழ்’ மேல் படுகிறது, எழுத்துகள் தமிழுக்கு மாறுகின்றன. குரல்: “பட்டியலில் தமிழைத் தொடுங்கள்.”

காட்சி 2 (7 நொடி). திரையில்: அனுமதி கேட்கும் பெட்டி, விரல் ‘அனுமதி’ மேல். குரல்: “குறுஞ்செய்தி அனுப்ப அனுமதி கேட்கும். ‘அனுமதி’ என்பதைத் தொடுங்கள்.”

காட்சி 3 (10 நொடி). திரையில்: சிம் 1, சிம் 2, விரல் ஒன்றைத் தொடுகிறது. குரல்: “இரண்டு சிம் தெரிந்தால், வங்கியில் எந்த எண்ணைக் கொடுத்தீர்களோ அந்த சிம்மைத் தொடுங்கள்.”

காட்சி 4 (8 நொடி). திரையில்: சுற்றும் வட்டம், பிறகு பச்சை டிக். குரல்: “உங்கள் எண்ணை போன் சரிபார்க்கிறது. பச்சை டிக் வரும்வரை திரையை மூடாதீர்கள்.”

காட்சி 5 (7 நொடி). திரையில்: வங்கிகளின் பட்டியல், விரல் ஒரு பெயர்மேல். குரல்: “பட்டியலில் உங்கள் வங்கியின் பெயரைத் தொடுங்கள்.”

காட்சி 6 (9 நொடி). திரையில்: மேலே கார்டின் படம், கடைசி ஆறு எண்களைச் சுற்றிக் கோடு, கீழே கட்டம் நிறைகிறது. குரல்: “கார்டில் உள்ள நீண்ட எண்ணின் கடைசி ஆறு எண்களை முதல் கட்டத்தில் அடியுங்கள்.”

காட்சி 7 (8 நொடி). திரையில்: அதே கார்டு, கோடு இப்போது மாதம், ஆண்டு மேல். குரல்: “கார்டு எந்த மாதம், எந்த ஆண்டுவரை செல்லும் என்பதை அடுத்த கட்டத்தில் அடியுங்கள்.”

காட்சி 8 (8 நொடி). திரையில்: மேலே குறுஞ்செய்தி வந்து நிற்கிறது; கட்டம் நிறைகிறது. குரல்: “வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பிய ஓடிபி எண்ணை இங்கே அடியுங்கள்.”

காட்சி 9 (10 நொடி). திரையில்: பின் கட்டங்கள் புள்ளிகளாக நிறைகின்றன. குரல்: “இனிப் பணம் அனுப்பும்போதெல்லாம் கேட்கப்போகும் யுபிஐ பின் இது. உங்களுக்கு மட்டும் தெரிந்த ஓர் எண்ணை அடியுங்கள்.”

காட்சி 10 (7 நொடி). திரையில்: அதே கட்டங்கள் மறுபடி, பிறகு வங்கியின் பெயர் தெரியும் முகப்பு. குரல்: “அதே பின்னை இன்னொரு முறை அடியுங்கள். கணக்கு இணைந்துவிட்டது.”

கூட்டினால் 88 நொடி. இந்தக் கணக்கு குரலிலிருந்து வருகிறது. நிதானமாகச் சொன்னால் நொடிக்கு ஒன்றரைச் சொல் என்று வைத்துக்கொண்டு, திரை மாறுவதைக் கண் பார்த்து முடிக்க ஒவ்வொரு காட்சியின் கடைசியிலும் சில நொடி சேர்க்கிறோம். தமிழ்ச் சொற்கள் வேற்றுமை உருபும் விகுதியும் சேர்ந்து நீண்டவை என்பதால், ஆங்கில ஸ்கிரிப்ட்டுக்குச் சொல்லப்படும் நிமிடத்துக்கு 150 சொல் என்ற கணக்கை இங்கே போட்டால் குரல் ஓட்டமெடுக்கும். நம் கணக்கும் தோராயம்தான். ஸ்கிரிப்ட்டை வாய்விட்டுப் படித்து போனின் கடிகாரத்தில் பார்ப்பதே முடிவான அளவு.

இந்தக் காட்சிகளில் மூன்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான்காவது காட்சியில் விரலுக்கு வேலையே இல்லை. ஆனாலும் அதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறோம். அந்த நேரத்தில் போன் தானாக ஒரு குறுஞ்செய்தியை அனுப்புகிறது. இந்த எண்ணின் சிம் உண்மையில் இந்த போனுக்குள்தான் இருக்கிறதா என்பதை அதைக் கொண்டுதான் உறுதிசெய்கிறார்கள். வேறொருவர் உங்கள் எண்ணைத் தன் போனில் அடித்து உங்கள் கணக்கைப் பிடித்துவிடாமல் காப்பது இந்தப் படி. பார்ப்பவருக்கோ வட்டம் சுற்றுவது மட்டும்தான் தெரியும். போன் நின்றுவிட்டது என்று நினைத்து வெளியேறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். காத்திருக்க வேண்டிய இடத்தில் ‘காத்திருங்கள்’ என்பதுதான் செயல். எது வந்தால் காத்திருப்பு முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே அது பச்சை டிக்.

எட்டு, ஒன்பது ஆகிய காட்சிகளில்தான் மிகுதியான குழப்பம் நடக்கிறது. மூல வாசகத்தில் ஓடிபியும் யுபிஐ பின்னும் ஒரே வாக்கியத்தில், இரண்டே சொல் இடைவெளியில் நிற்கின்றன. இரண்டும் ரகசிய எண்கள். பல செயலிகள் திறப்பதற்கென்று தனியாக ஒரு பூட்டு எண்ணையும் கேட்கின்றன. சில வங்கிகள் ஏடிஎம் பின்னையும் கேட்கும். இத்தனையும் புதியவருக்கு ஒரே “நம்பர்”. ஓடிபியை அடிக்க வேண்டிய கட்டத்தில் ஏடிஎம் பின்னை அடித்துவிட்டு, ஏன் தவறு என்கிறது என்று விழிப்பார். அதனால் எண் கேட்கும் ஒவ்வொரு காட்சியிலும் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஓடிபி வங்கி அனுப்புவது. யுபிஐ பின் நீங்கள் உருவாக்குவது. அதற்குப் பிறகு வீடியோ முழுவதும் பெயர் மாறக்கூடாது. ஓரிடத்தில் யுபிஐ பின், இன்னோரிடத்தில் ரகசியக் குறியீடு, வேறோரிடத்தில் கடவுச்சொல் என்று எழுதினால் பார்ப்பவர் மூன்று எண்களைத் தேடத் தொடங்குவார்.

எச்சரிக்கையின் இடமும் இங்கேதான் முடிவாகிறது. “பின்னை யாரிடமும் சொல்லாதீர்கள்” என்பதை வீடியோவின் கடைசியில் ஐந்து அறிவுரைகளோடு அடுக்குவது வழக்கம். அதற்குள் பின்னை அமைத்து முடித்துப் போனைக் கீழே வைத்திருப்பார்கள். ஒரு செயலுக்கான எச்சரிக்கையை அந்தச் செயலின் காட்சியில், செயலுக்கு முந்தைய வாக்கியத்தில் சொல்ல வேண்டும். ஒன்பதாவது காட்சியில் “பணம் அனுப்பும்போதெல்லாம் கேட்கப்போகும்” என்று சொன்னது இதற்காகத்தான். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. ‘பணம் வரவேண்டுமா, பின்னைப் போடுங்கள்’ என்று ஏமாற்றுகிறவர்களுக்கு எதிரான முதல் பாடம், பின் பிறக்கும் அந்த நொடியிலேயே காதில் விழுகிறது.

குரலும் விரலும் சேரும் இடம்

ஆங்கிலத்தில் வினை முதலில் வரும். எங்கே, எதை என்பது பிறகு வரும். தமிழில் இது தலைகீழ். “பட்டியலில் உங்கள் வங்கியின் பெயரைத் தொடுங்கள்” என்னும்போது இடம் முதலில், பொருள் அடுத்து, வினை கடைசியில். கற்றுத்தருவதற்கு இது வசதியான வரிசை. எங்கே பார்க்க வேண்டும் என்று கேட்டதும் கண் அங்கே போய்விடுகிறது, கட்டளை வரும்போது கண் தயாராக இருக்கிறது.

ஆனால் ஆங்கில வீடியோவுக்காக வெட்டிய படத்தின்மேல் தமிழ்க் குரலை ஏற்றினால் இந்த வசதி போய்விடும். அங்கே விரல் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே தொட்டிருக்கும். தமிழ்க் குரல் “பட்டியலில்” என்று சொல்லும்போதே திரை மாறி, “தொடுங்கள்” என்னும்போது தொட வேண்டிய பொருளே திரையில் இருக்காது. சொல்லும் படமும் ஒரே நேரத்தில் வந்தால்தான் மனம் இரண்டையும் இணைக்கிறது என்பது மேயரின் இன்னொரு முடிவு. தமிழ் ஸ்கிரிப்ட்டில் ஒவ்வொரு காட்சிக்கும் எந்தச் சொல்லில் விரல் திரையில் தோன்றுகிறது, எந்தச் சொல்லில் தொடுகிறது என்று குறிக்க வேண்டும். பெரும்பாலும் இடத்தைச் சொல்லும் சொல்லில் விரல் வர வேண்டும், வினையில் தொட வேண்டும், வினை முடிந்த பிறகு திரை மாற வேண்டும். படத்தொகுப்பாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் இந்தக் குறிப்பு கட்டாயம்.

பொத்தானின் பெயரைத் திரையில் இருப்பதுபோலவே சொல்ல வேண்டும். திரையில் ஆங்கிலத்தில் Proceed என்று இருந்தால் குரலும் “ப்ரொசீட்” என்றே சொல்லட்டும். ‘தொடர்க’ என்று அழகாக மொழிபெயர்த்தால் பார்ப்பவர் இல்லாத பொத்தானைத் தேடுவார். நிறத்தை மட்டும் அடையாளமாகச் சொல்வதும் சிலருக்குப் போதாது. “கீழே உள்ள நீலப் பொத்தான்” என்று இடமும் சேர்ந்தால் நிறம் பிரித்தறிய முடியாதவரும் கண்டுபிடிப்பார்.

குரல் சொல்லும் வாக்கியம் முழுவதையும் திரையில் பெரிய எழுத்தில் போடுவதைத் தவிர்க்க வேண்டும். கண் எழுத்தைப் படிக்கப் போய்விடும். விரல் தொட்ட இடத்தைப் பார்க்காது. “கடைசி 6 எண்” என்பதுபோல இரண்டு மூன்று சொல் போதும். காது கேளாதவர்களுக்கும், ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பவர்களுக்கும் முழு வாக்கியம் தேவைதான். அதை வேண்டியவர் இயக்கிக்கொள்ளும் வசனவரியாகத் தனிக் கோப்பில் கொடுக்கலாம்.

வீடியோவில் வராதவை

சிம்மில் குறுஞ்செய்திக்கான இருப்பு இல்லை, ஓடிபி வரவில்லை, வங்கியில் இருப்பது பழைய எண், கார்டு காலாவதியாகிவிட்டது. இவை எல்லாம் நடக்கக்கூடியவை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே வீடியோவில் “ஒருவேளை இப்படி வந்தால்” என்று சேர்த்தால், எந்தத் தடையும் இல்லாதவரும் ஒவ்வொரு தடையையும் கேட்டாக வேண்டும். தன் திரை எது, பிழைத் திரை எது என்ற குழப்பமும் வரும். முதன்மை வீடியோ எல்லாம் சரியாக நடக்கும் ஒரே வழியை மட்டும் காட்டட்டும். தொடங்கும் முன்னரே தடுக்கக்கூடியதை, நம் தொடக்கப் படத்தில் சிம்மைச் சொன்னதுபோல, முன்தேவையாக்கலாம். மற்றவற்றுக்குத் தனித்தனியே இருபது நொடித் துண்டுகள் எடுத்து, செயலியின் பிழைத் திரையிலேயே அவற்றுக்கு இணைப்புக் கொடுக்கலாம்.

விதிமுறைகளுக்கும் தகவல் பகிர்வுக்கும் சம்மதம் கேட்கும் பகுதியை இந்த முறையில் வீடியோவாக்கக்கூடாது. அங்கே செயல் ஒரே ஒரு தொடல்தான். முடிவோ படித்து யோசித்து எடுக்க வேண்டியது. ‘சம்மதம் என்பதைத் தொடுங்கள்’ என்று ஆறு நொடியில் காட்டினால் படிக்காமல் தொடப் பழக்குகிறோம். அந்தப் பகுதி எழுத்தாகவே, தெளிவான தமிழில் இருக்க வேண்டும்.

படம் பிடிப்பதிலும் ஒரு தடை உண்டு. பணம் சார்ந்த பல செயலிகள், திரையைப் பதிவுசெய்தால் கறுப்பாகத் தெரியும்படி பாதுகாப்பு வைத்திருக்கின்றன. அதை மீற வழி தேடக்கூடாது. மென்பொருள் குழுவிடம் சோதனைப் பதிப்பைக் கேட்கலாம். இல்லையென்றால் திரைகளை வரைந்து அசைவூட்டலாம். கார்டு எண், போன் எண், பெயர் எல்லாம் கற்பனையானவையாக இருக்க வேண்டும். சோதனைப் பதிப்பைப் பதிவுசெய்கிறீர்கள் என்றால், ஆண்ட்ராய்டு போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் உள்ள `Show taps` என்பதை இயக்கிவிட்டால் விரல் படும் இடத்தில் சிறு புள்ளி தானாகத் தெரியும்.

சரியாக வந்திருக்கிறதா என்று அறிய

படம் எடுப்பதற்கு முன்பே ஸ்கிரிப்ட்டைச் சோதிக்கலாம். இந்தச் செயலியைப் பயன்படுத்தாத ஒருவரிடம் போனைக் கொடுத்து, காட்சி காட்சியாகக் குரல் வாக்கியத்தை மட்டும் படியுங்கள். படித்ததும் நிறுத்துங்கள், உதவி செய்யாதீர்கள். அவர் “எங்கே?” என்று கேட்டால் வாக்கியத்தில் இடம் சொல்லப்படவில்லை. செய்துவிட்டு “ஆயிற்றா?” என்று நிமிர்ந்து பார்த்தால் திரையின் பதில் சொல்லப்படவில்லை. நீங்கள் படித்து முடிக்கும் முன்பே தொட்டுவிட்டால் வாக்கியம் நீளம். “இன்னொரு முறை சொல்லுங்கள்” என்றால் பெரும்பாலும் அந்தக் காட்சிக்குள் இரண்டாவது செயல் ஒன்று ஒளிந்திருக்கிறது.

வீடியோ வெளியான பிறகும் அதே தடயம் கிடைக்கும். யூடியூபில் போட்டிருந்தால், பார்வையாளர்கள் எந்த நொடிவரை இருக்கிறார்கள் என்று காட்டும் கோடு ஒன்று உண்டு. அது ஓரிடத்தில் மேடாக எழுந்தால், பலரும் அங்கே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். பொழுதுபோக்கு வீடியோவில் அது மகிழ்ச்சியான செய்தி. வழிகாட்டும் வீடியோவிலோ, பலர் அங்கே சிக்கிக்கொண்டார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். அந்த நொடியில் ஓடும் காட்சியை எடுத்து வினைகளை மறுபடி எண்ணுங்கள்.

திருத்துவது எளிதாக வேண்டுமானால் ஒவ்வொரு காட்சியின் படமும் குரலும் தனிக் கோப்பாக இருக்க வேண்டும். செயலிகள் அடிக்கடி மாறும். சிம் தேர்வுத் திரையில் பொத்தான் மேலிருந்து கீழே வந்துவிட்டால், 88 நொடி வீடியோவும் பழையதாகிவிடும். காட்சிகள் பிரிந்திருந்தால் மூன்றாவது காட்சியின் பத்து நொடியை மட்டும் மாற்றி ஒட்டலாம். இன்னொரு மொழிக்குப் போகும்போதும் இதே வசதி: அந்த மொழியின் வாக்கியம் இரண்டு நொடி நீண்டால் அந்தக் காட்சியின் கடைசிப் படத்தை இரண்டு நொடி நிறுத்தினால் போதும். இப்படித் தனித்தனியாக இருக்கும் பத்துத் துண்டுகளையும் செயலிக்குள்ளேயே அந்தந்தத் திரையின் ஓரத்தில் வைத்துவிட்டால், பார்ப்பவர் வீடியோவுக்கும் செயலிக்கும் இடையே போய்வர வேண்டிய தேவையே இல்லாமல் போகும். கார்டு எண் கேட்கும் திரையில் நிற்பவருக்கு ஆறாவது காட்சியின் ஒன்பது நொடி மட்டும்தான் வேண்டும்.